பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும்: நிறையும் எண்ணிக்கையும் ஒத்துவராதபோது யாழ்ப்பாணக் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து சாமான் எடுக்கும் யாழ்ப்பாணக் கடைக்காரர்களுக்கு நான் ஆவணங்கள் பார்த்துக் கொடுக்கிறேன். சாமான் இறங்குவது கொழும்புத் துறைமுகத்தில். அதைக் கிளியர் பண்ணும் வாஃப் கிளார்க்கும் கொழும்பில்தான் இருப்பார். காசு கட்டுகிறவர் மட்டும் இங்கே சுன்னாகத்திலோ கொடிகாமத்திலோ கடையில் நிற்பார். பேப்பரில் பிழை இருப்பது அவருக்குத் தெரியவரும்போது பெட்டிகள் களஞ்சியத்தில் கிடக்கும், நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணம்தான்: தோட்டக்காரர் தோளில் மாட்டி மருந்தடிக்கும் தெளிகருவிகள். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு கோப்பின் கணக்கு அது. கடை யாருடையது என்று தெரியாதபடி இலக்கங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்கா, ரெண்டு பேப்பரிலையும் ஒரே சாமான்தானே எழுதிக் கிடக்கு. ஏன் ரெண்டையும் வைச்சுப் பாக்க வேணும்?

இன்வாய்ஸ் காசைப் பற்றிப் பேசும் பேப்பர். என்ன சாமான், எத்தனை, ஒன்று என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அது எத்தனை பெட்டியில் வருகிறது என்பதைப் பெரும்பாலும் இன்வாய்ஸ் சொல்லாது. பேக்கிங் லிஸ்டில் விலையே இருக்காது. எந்த இலக்கப் பெட்டிக்குள் எது, ஒரு பெட்டிக்குள் எத்தனை, அதன் நிறை என்ன, நீள அகலம் என்ன என்பதுதான் அதன் வேலை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை சாமானின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. சுங்கத்தில் வரி போடுவது இன்வாய்ஸ் பெறுமதியை வைத்து. பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரி கையில் வைத்திருப்பது பேக்கிங் லிஸ்டை.

பல தொழிற்சாலைகளில் இவற்றை எழுதுவது ஒரே ஆள் அல்ல. ஓடரைப் பார்த்து கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் போடும். பெட்டி கட்டிய பிறகு களஞ்சியக்காரர் பேக்கிங் லிஸ்ட் போடுவார். கடைசி நேரத்தில் இரண்டு பெட்டி ஏறாமல் நின்றால், அது களஞ்சியக்காரருக்குத் தெரியும், கணக்குப் பிள்ளைக்குத் தெரியாது. அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

நெட் வெயிட், கிராஸ் வெயிட் எண்டு ரெண்டு நிரல் போட்டுக் கிடக்கு. இதில எது உண்மையான நிறை?

இரண்டும் உண்மைதான். நெட் என்பது சாமானின் நிறை. கிராஸ் என்பது அட்டைப்பெட்டி, உள்ளே வைக்கும் நுரை, கட்டும் நாடா எல்லாம் சேர்ந்த நிறை. கிராஸிலிருந்து நெட்டைக் கழித்தால் வருவது வெறும் பெட்டியின் நிறை. சுங்கத்துக்குப் போடும் கஸ்டெக் படிவத்தில் 35ஆம் கட்டத்தில் கிராஸும் 38ஆம் கட்டத்தில் நெட்டும் கேட்பார்கள், அதுவும் ஒவ்வொரு சாமான் வகைக்கும் தனித்தனியாக. அதனால் பட்டியலின் அடியில் இருக்கும் மொத்த நிறை மட்டும் உங்களுக்குப் போதாது. ஒவ்வொரு வரிக்கும் நிறை வேண்டும்.

கழித்து வரும் அந்தப் பெட்டி நிறையை நான் எப்போதும் பார்ப்பேன். ஒரே அளவான பெட்டி என்றால் அது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். நெட்டும் கிராஸும் ஒரே இலக்கமாக இருந்தால், தராசில் வைக்காமலே யாரோ ஒரு நிரலைப் பார்த்து மற்றதை நிரப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரெண்டு பேப்பரும் ஈமெயிலில வந்திட்டுது. எங்க இருந்து தொடங்கிறது?

அடியில் இருக்கும் மொத்தத்தை முதலில் பார்க்காதீர்கள். அது சரியாக இருந்தால் மனம் அதோடு திருப்திப்பட்டுவிடும். பேக்கிங் லிஸ்டின் முதல் வரியில், பெட்டி இலக்கத்தில் தொடங்குங்கள். எங்கள் உதாரணத்தில் அனுப்புகிறவர் தந்த பட்டியல் இது:

| சாமான் | பெட்டி இலக்கம் | ஒரு பெட்டிக்குள் | எண்ணிக்கை | ஒரு பெட்டி நெட் | ஒரு பெட்டி கிராஸ் |
|---|---|---|---|---|---|
| கைப்பம்பித் தெளிகருவி | 1–100 | 4 | 400 | 10.4 கிலோ | 12 கிலோ |
| பற்றரித் தெளிகருவி | 101–158 | 2 | 120 | 11 கிலோ | 12.5 கிலோ |
| நொசில் | 159–168 | 200 | 2,000 | 12 கிலோ | 13 கிலோ |

அடியில் 168 பெட்டி, நெட் 1,820 கிலோ, கிராஸ் 2,080 கிலோ என்று இருந்தது. இன்வாய்ஸில் கைப்பம்பி 400, பற்றரி 120, நொசில் 400 செட்.

பெட்டி இலக்கத்தின் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை பெட்டி என்று வரும். அதை ஒரு பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கையால் பெருக்குங்கள். முதல் வரி 100 பெட்டி, நான்கு நான்காக 400. சரி. இரண்டாம் வரி 101இலிருந்து 158 வரை 58 பெட்டி, இரண்டிரண்டாக 116. எழுதியிருப்பதோ 120. மூன்றாம் வரி 10 பெட்டி, 2,000. சரி. கடைக்காரத் தம்பி இந்தப் பட்டியலை இரண்டு நாள் கையில் வைத்திருந்தவர். எண்ணிக்கை நிரல் இன்வாய்ஸோடு ஒத்துப்போவதைப் பார்த்து அவர் திருப்திப்பட்டிருந்தார். பெருக்கிப் பார்க்கவில்லை.

நாலு குறையுது எண்டு தெரிஞ்சுது. ஆனா பெட்டி இலக்கம் பிழையோ, எண்ணிக்கை பிழையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இங்கேதான் நிறை உதவிக்கு வரும். ஒவ்வொரு வரியின் கிராஸையும் நீங்களே கூட்டுங்கள். 100 பெட்டி 12 கிலோப்படி 1,200. 58 பெட்டி 12.5 கிலோப்படி 725. 10 பெட்டி 13 கிலோப்படி 130. மொத்தம் 2,055 கிலோ. பட்டியலின் அடியில் இருப்பது 2,080. வித்தியாசம் 25 கிலோ. இந்த 25ஐ ஒவ்வொரு வகைப் பெட்டியின் நிறையாலும் பிரித்துப் பாருங்கள். 12ஆல் பிரியாது, 13ஆலும் பிரியாது. 12.5ஆல் பிரித்தால் சரியாக இரண்டு. நெட்டிலும் அப்படியே செய்தால் 1,820க்கும் 1,798க்கும் இடையில் 22 கிலோ, அதாவது 11 கிலோப் பெட்டி இரண்டு.

ஆகவே மொத்த நிறையைப் போட்டபோது பற்றரித் தெளிகருவி 60 பெட்டியாக இருந்திருக்கிறது, பெட்டி இலக்கத்தை எழுதியபோது 58 ஆகியிருக்கிறது. இரண்டு பெட்டி இலக்கத்தில் விடுபட்டுப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெட்டி உண்மையிலேயே ஏறாமல் நின்றிருக்க வேண்டும். இரண்டில் எது என்பதை இந்த இரண்டு பேப்பரும் சொல்லாது. மூன்றாவது பேப்பர் வேண்டும்.

நிறை வித்தியாசம் ஒரு பெட்டியின் நிறையால் மிச்சமில்லாமல் பிரிந்தால், பெட்டி எண்ணிக்கையில்தான் பிழை என்று முதலில் சந்தேகப்படுங்கள். பிரியாமல் 7 கிலோ, 31 கிலோ என்று நின்றால் தராசிலோ, கூட்டலிலோ, இலக்கம் தட்டியதிலோ பிழை இருக்கும்.

மூண்டாவது பேப்பர் எண்டா எது? பி.எல்.லா?

ஓம், பில் ஒஃப் லேடிங். சாமானை ஏற்றப் பொறுப்பெடுத்ததற்குக் கப்பல் பக்கத்திலிருந்து தரும் பேப்பர். அதன் வரைவைக் கப்பல் புறப்படும் முன்னரே அனுப்புகிறவர் உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதில் பெட்டிகளின் எண்ணிக்கையும் கிராஸ் நிறையும் இருக்கும். பலரின் சாமான் ஒரே கொள்கலனில் சேர்ந்து வரும்போது, பொறுப்பேற்கும் களஞ்சியத்தில் பெட்டிகளை எண்ணித்தான் எடுப்பார்கள். அந்த எண்ணிக்கையை நான் நம்புவேன். நிறையை அவ்வளவுக்கு நம்பமாட்டேன், ஏனென்றால் அது பெரும்பாலும் அனுப்புகிறவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே பார்த்து எழுதுவது. முழுக் கொள்கலனாக எடுத்தால் எண்ணிக்கையும் அனுப்புகிறவர் சொன்னதுதான். கப்பல் கொம்பனி எண்ணுவதில்லை.

எங்கள் கோப்பில் பி.எல். வரைவு 168 பெட்டி, 2,080 கிலோ என்றது. எண்ணிய இலக்கம் 168. நிறை பழைய பட்டியலிலிருந்து வந்தது. அப்படியென்றால் இரண்டு பெட்டி ஏறவில்லை. அனுப்புகிறவரிடம் ஏற்றும்போது பிடித்த எண்ணிக்கைத் தாளைக் கேட்டோம். அடுத்த நாள் பதில் வந்தது: இரண்டு பெட்டியின் பற்றரி சோதனையில் தேறவில்லை, தொழிற்சாலையில் நிறுத்திவிட்டோம், சொல்ல மறந்துவிட்டோம் என்று.

நாலு சாமான் குறையத்தானே வருது. கூட வந்தால்தானே சுங்கத்தில பிரச்சினை?

குறைய வந்தாலும் உங்கள் காசுதான் போகிறது. பற்றரித் தெளிகருவி ஒன்று 22 டொலர் என்றால், வராத நான்குக்கு 88 டொலர் அனுப்புகிறவருக்குக் கட்டுகிறீர்கள். அதற்கு மேல் இன்வாய்ஸ் பெறுமதியில் சுங்க வரியும் மற்ற வரிகளும் போகின்றன. பிறகு அந்த நான்கையும் அவர் அடுத்த கப்பலில் இலவசமாகப் போட்டுவிடுவார். அப்போது அது இன்வாய்ஸில் இல்லாத சாமானாக வரும். முதல் முறை கவனிக்காத குறைவு இரண்டாம் முறை கூடுதலாகிறது.

கூடுதலாக வருவது இன்னும் பாரதூரமானது என்பது உண்மைதான். சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி, போட்ட பதிவோடு ஒத்துப்போகாத சாமானைப் பறிமுதல் செய்ய இடமிருக்கிறது. தெரியாமல் நடந்தது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கையெழுத்து உங்களுடையது, விசாரணை நடக்கும்போது சாமான் அங்கேதான் கிடக்கும்.

இன்வாய்ஸில நொசில் 400, பேக்கிங் லிஸ்டில 2,000. இது பெரிய வித்தியாசம் எல்லோ?

இது பிழையாகத் தெரியும், ஆனால் எண்ணிக்கையில் பிழை இல்லை. ஒரு செட்டில் ஐந்து நொசில். 400 செட் என்பது 2,000 துண்டு. விலை செட்டுக்குப் போட்டிருக்கிறார்கள், பெட்டியில் துண்டாக எண்ணியிருக்கிறார்கள். இரண்டு பேப்பரிலும் ஒரே அலகு இருந்தால் நல்லது. அது முடியாவிட்டால் ஒரு செட்டில் ஐந்து துண்டு என்ற ஒரு வரியை இன்வாய்ஸிலேயே எழுதச் சொல்லுங்கள். சோதிக்கிற அதிகாரிக்கு நீங்கள் தொலைபேசியில் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியாது.

சோடி, டசின், கட்டு, உருளை என்று எழுதிவரும் எல்லாவற்றிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். கையுறை 600 சோடியா, 600 துண்டா? நிறையால் இதையும் சரிபார்க்கலாம். 12 கிலோ நெட்டை 200ஆல் பிரித்தால் ஒரு நொசில் 60 கிராம். கையில் மாதிரி இருந்தால் பக்கத்து நகைக்கடைத் தராசில் ஒன்றை வைத்துப் பாருங்கள். 60 கிராமுக்குக் கிட்ட வந்தால் பெட்டிக்குள் இருப்பது 200 துண்டுதான், 200 செட் அல்ல.

ரெண்டு மூண்டு கிலோ முன்ன பின்ன இருந்தா விடலாமோ?

காரணம் தெரிந்தால் விடலாம். ஒரு பெட்டியின் நிறையைக் கிட்டிய அரைக் கிலோவுக்கு மாற்றி, அதை 100 பெட்டியால் பெருக்கினால் மொத்தத்தில் 20, 25 கிலோகூட அசையும். அது தராசுப் பிழை அல்ல, தசமத்தை வெட்டியதால் வருவது. அப்படியானால் எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வித்தியாசம் பரவியிருக்கும். எங்கள் உதாரணத்தைப் போல ஒரே வரியில் குவிந்து நிற்காது.

எண்ணிக்கையில் ஒன்றுகூட விடக்கூடாது. துண்டாக எண்ணும் சாமானில் ஏறத்தாழ என்ற ஒன்று கிடையாது.

நாங்கள் எல்.சி.யில எடுக்கிறம். வங்கி அஞ்சு வீதம் கூடக் குறைய விடும் எண்டு சொல்லுகினம். சரியோ?

பாதி சரி. எல்.சி.க்கு, அதாவது வங்கிக் கடன் கடிதத்துக்கு, வங்கிகள் பின்பற்றுவது 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகள். அவற்றின் 30ஆம் பிரிவு 5 வீதம் கூடவோ குறையவோ இடம் கொடுக்கிறது. ஆனால் எல்.சி.யில் அளவைப் பெட்டி எண்ணிக்கையாகவோ தனித்தனிச் சாமான் எண்ணிக்கையாகவோ குறித்திருந்தால் அந்தச் சலுகை இல்லை, எடுக்கும் காசும் எல்.சி. தொகையைத் தாண்டக்கூடாது. தொன் கணக்கில் பருப்பு எடுக்கிறவருக்கு அது பொருந்தும். 120 தெளிகருவி என்று எழுதியவருக்குப் பொருந்தாது.

இன்னொன்று, வங்கி பார்ப்பது பேப்பரை மட்டும். ஒரு பேப்பரில் இருக்கும் தரவு மற்றப் பேப்பரோடு முரண்படக்கூடாது என்பது அதே விதிகளின் 14ஆம் பிரிவு. சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. வங்கி ஏற்றுக்கொண்டது என்பதற்காக சுங்கமும் ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். வங்கியில் யாரும் பெட்டியைத் திறப்பதில்லை.

பி.எல்.லில நிறை பேக்கிங் லிஸ்டை விடக் கூடக் கிடக்கு. பெட்டி எண்ணிக்கை சரி. என்ன நடந்திருக்கும்?

முதலில் பலட்டைக் கேளுங்கள். பெட்டிகளை மரப்பலட்டில் அடுக்கிக் கட்டினால் ஒரு பலட்டுக்கு 15, 20 கிலோ கூடும். எட்டுப் பலட் என்றால் நூற்றறுபது கிலோவரை போகும். பேக்கிங் லிஸ்ட் பெட்டி நிறையோடு நின்றிருக்கும், பி.எல். பலட்டையும் சேர்த்திருக்கும். பேக்கிங் லிஸ்டின் அடியில் எத்தனை பலட், பலட்டோடு கிராஸ் எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. பலட்டாக வந்தால் பி.எல்.லில் 168 என்பதற்குப் பதில் 8 என்று மட்டும் நிற்கவும் கூடும். அப்போது 8 பலட்டில் 168 பெட்டி என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

முழுக் கொள்கலன் எடுக்கிறவர்களுக்கு வி.ஜி.எம். என்ற இன்னொரு நிறையும் வரும். 2016 ஜூலை முதல், நிறையை உறுதிப்படுத்தாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. அந்த நிறைக்குள் கொள்கலன் பெட்டியின் நிறையும் அடங்கும். 20 அடிப் பெட்டி மட்டும் இரண்டு தொன்னுக்கு மேல். அதை உங்கள் கிராஸோடு நேராக ஒப்பிட்டு மலைக்க வேண்டாம். பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் வெறும் நிறையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மொத்தப் பெட்டி, மொத்த நிறை, மொத்த எண்ணிக்கை எல்லாம் சரி. இனிப் பயமில்லைத்தானே?

மொத்தம் சரியாக இருந்தும் வரிகள் மாறியிருக்கலாம். பற்றரித் தெளிகருவியின் நிறை கைப்பம்பியின் வரியிலும், அதனுடையது இதன் வரியிலும் போனால் கூட்டல் அப்படியே இருக்கும். இதைப் பிடிக்க ஒவ்வொரு வரியின் நெட் நிறையையும் எண்ணிக்கையால் பிரித்து, ஒரு சாமானின் நிறையை எடுங்கள். எங்கள் பட்டியலில் கைப்பம்பி ஒன்று 2.6 கிலோ, பற்றரியுடையது 5.5 கிலோ. பற்றரியும் மோட்டரும் உள்ள சாமான் பாரமாக இருப்பது நியாயம். இலக்கம் தலைகீழாக வந்தால், கடையில் சாமானைத் தூக்கிப் பார்த்த எவருக்கும் அது இடிக்கும். இந்தக் கோப்புகளில் கடைக்காரரின் கை அறிவு என்னுடைய கல்குலேட்டரை விடக் கூடுதலாக உதவியிருக்கிறது.

தெளிகருவியும் நொசிலும் சுங்க வகைப்படுத்தலில் ஒரே இடத்தில் வருபவை அல்ல. தோளில் மாட்டும் விவசாயத் தெளிகருவி 8424.41, உதிரிப்பாகம் 8424.90. ஒவ்வொன்றுக்கும் பெறுமதி, நிறை, எண்ணிக்கை தனித்தனியாகப் போக வேண்டும். அதனால் ஒரு வரியின் நிறை இன்னொரு வரிக்குள் போனால், மொத்தம் சரியாக இருந்தாலும் இரண்டு பதிவும் பிழை.

எக்செலில போட்டுப் பாக்க ஒரு வழி சொல்லுங்கோ. ஒவ்வொரு முறையும் கையால பெருக்கேலாது.

சாமானின் பெயர் முதல் நிரலில், தொடக்கப் பெட்டி இரண்டாவதில், முடிவுப் பெட்டி மூன்றாவதில், ஒரு பெட்டிக்குள் எத்தனை என்பது நான்காவதில், பட்டியல் சொல்லும் எண்ணிக்கை ஐந்தாவதில், ஒரு பெட்டியின் கிராஸ் ஆறாவதில். தலைப்பு முதல் வரியில் இருந்தால், ஏழாவது நிரலின் இரண்டாம் வரியில் இதைத் தட்டிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=(C2-B2+1)*D2-E2
```

பூச்சியம் வந்தால் அந்த வரி சரி. எங்கள் பற்றரி வரியில் -4 என்று வரும். அடுத்த நிரலில் அந்த வரியின் கிராஸ்:

```
=(C2-B2+1)*F2
```

இதைக் கூட்டிப் பட்டியலின் அடியில் இருக்கும் மொத்தத்தோடு பாருங்கள். அனுப்புகிறவரின் எக்செல் கோப்பு வந்தாலும் அதன் கூட்டலை நம்பி அப்படியே எடுக்காதீர்கள். மொத்தம் இருக்கும் கட்டத்தில் சூத்திரம் இல்லாமல் வெறும் இலக்கம் தட்டியிருப்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன். எங்கள் கோப்பில் 2,080 அப்படித்தான் தங்கிப்போனது.

பிள்ளை, உது சின்னப் பிழைதானே. நாங்களே இஞ்ச திருத்தி அச்சடிச்சுக் கொழும்புக்கு அனுப்பினால் என்ன?

ஐயா, அதை மட்டும் செய்யாதீர்கள். அது அனுப்புகிறவரின் ஆவணம். இங்கே இலக்கத்தை மாற்றினால், நியாயமான காரணத்துக்காகச் செய்தாலும், அது திருத்திய ஆவணம் என்றுதான் பார்க்கப்படும். திருத்துவது அனுப்புகிறவரின் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டையும் சேர்த்துத் திருத்தி, திருத்திய திகதியோடு புதிதாகக் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை விட்டால் முன்னர் இல்லாத முரண்பாடு ஒன்று புதிதாக வரும்.

எங்கள் கோப்பில் இன்வாய்ஸில் பற்றரித் தெளிகருவி 116 ஆகி மொத்தத்தில் 88 டொலர் குறைந்தது. பேக்கிங் லிஸ்டில் எண்ணிக்கை 116, நெட் 1,798, கிராஸ் 2,055. பி.எல். வரைவில் நிறை மட்டும் 2,055 ஆனது. பழைய பிரதிகளை அழிக்காமல் வேறு கோப்புறையில் வைத்தோம். வாஃப் கிளார்க்குக்குப் புதியவற்றை மட்டும் அனுப்பி, பழையதைப் பாவிக்க வேண்டாம் என்று தொலைபேசியிலும் சொன்னோம். ஈமெயிலில் மூன்று பிரதி கிடந்தால், அவசரத்தில் முதல் கைக்கு வருவதைத்தான் எவரும் திறப்பார்கள்.

எந்தக் கட்டம் வரைக்கும் திருத்தலாம்?

பி.எல். வரைவாக இருக்கும்வரை ஒரு ஈமெயில் போதும். கப்பல் புறப்பட்டு, சுமைப்பட்டியல் சுங்கத்துக்குப் போன பிறகு என்றால் கப்பல் முகவர் ஊடாகத் திருத்தம் கேட்க வேண்டும்; அதற்குக் கட்டணமும் நாளும் போகும். கஸ்டெக் பதிந்த பிறகு என்றால் சுங்கத்தின் அனுமதியோடுதான் மாற்றலாம். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் சொல்லின் பெறுமதி குறைந்துகொண்டே போகும். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு நீங்கள் சொல்வது திருத்தம் அல்ல, விளக்கம்.

ஆகையால் பேப்பர் வந்த அன்றே பாருங்கள். மூன்று வரிப் பட்டியலுக்குக் கால்மணி நேரம் போதும்.

சும்மா தந்த உதிரிப்பாகம் கொஞ்சம் பெட்டிக்குள்ள போட்டிருக்கினம். காசு இல்லாத சாமானை இன்வாய்ஸில ஏன் எழுத வேணும்?

சுங்கம் கேட்பது நீங்கள் காசு கட்டினீர்களா என்பதை அல்ல, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை. இலவசமாக வந்தாலும் சாமானுக்குப் பெறுமதி உண்டு. இன்வாய்ஸில் தனி வரியாகப் பெயர், எண்ணிக்கை, வழக்கமான விலை போட்டு, பணம் அறவிடப்படவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். பேக்கிங் லிஸ்டில் எந்தப் பெட்டிக்குள் என்றும் எழுத வேண்டும்.

இதையும் நிறை காட்டிக்கொடுக்கும். ஒரே சாமான் உள்ள 100 பெட்டியில் ஒன்று மட்டும் ஒன்றரைக் கிலோ பாரமாக இருந்தால், அதற்குள் பட்டியலில் இல்லாத ஏதோ இருக்கிறது.

நாங்கள் இஞ்ச இருந்து கனடாவுக்கு ஒடியலும் பனங்கட்டியும் அனுப்பிற ஆக்கள். எங்களுக்கும் உதே கணக்கோ?

அதே கணக்குத்தான், ஆனால் இப்போது எழுதுகிறவர் நீங்கள். பனங்கட்டி காற்றில் ஈரம் இழுக்கும், சரியாகக் காயாத ஒடியல் பெட்டிக்குள் இருந்தே நிறை குறையும். பொதி செய்த அன்று நெட்டை நிறுத்துவிட்டு, மாதம் கழித்து அதே இலக்கத்தைப் பேக்கிங் லிஸ்டில் எழுதினால் அங்கே தராசில் வேறு நிறை காட்டும். காற்றுப் புகாமல் ஒட்டிய பைக்குள் போட்டு, பை எண்ணிக்கையை இன்வாய்ஸின் அலகாக வையுங்கள். 200 கிராம் பை 50 என்றால் நெட் 10 கிலோ. கிராஸை மட்டும், பெட்டிக்கு நாடா ஒட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு பெட்டியாகத் தராசில் வைத்து எழுதுங்கள். ஒன்றை நிறுத்து மற்றவற்றுக்குப் பெருக்க வேண்டாம். வீட்டில் செய்யும் பொதியில் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் வரும்.

எல்லாம் திருத்தி முடிச்சு, சாமான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திட்டுது. பெட்டியைத் திறந்தால் ரெண்டு குறையுது. இனி என்ன செய்யிறது?

திறந்த பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அதன் இலக்கத்தைப் பாருங்கள். திறக்காத அதே வகைப் பெட்டி ஒன்றையும் இதையும் தராசில் வையுங்கள். பற்றரிப் பெட்டி 12.5 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 7 கிலோ என்றால் ஒன்று குறைகிறது. நாடா புதிதாக ஒட்டப்பட்டிருக்கிறதா, சுங்கச் சோதனையில் திறந்த அடையாளம் இருக்கிறதா என்று படம் எடுங்கள். நாடா தொழிற்சாலை ஒட்டியபடியே இருந்தால் அனுப்புகிறவரிடம் பேசலாம். வெட்டி ஒட்டியிருந்தால் கொழும்பில் பாரம் எடுத்த இடத்திலும் லொறிக்காரரிடமும் கையெழுத்தான பற்றுத்தாளைப் பாருங்கள். அதில் 168 பெட்டி நல்ல நிலையில் என்று உங்கள் ஆளே கையெழுத்து வைத்திருந்தால் கேட்பது கடினம். அதனால் லொறி வந்து நிற்கும்போது, பெட்டியை எண்ணி நாடாவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். சந்தேகமான பெட்டியின் இலக்கத்தைப் பற்றுத்தாளிலேயே எழுதி, லொறிக்காரரிடமும் அதன் கீழ் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.